ஒரு படத்தின் கீழ் எழுதும் இரண்டு வரி

(பரவையில் நடைபெற்ற மலர்க்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மலரில் எத்தனையோ கட்டுரைகள் வருகின்றன. ஆயினும் வீட்டிற்கு எடுத்துச் சென்றதும் நாம் முதலில் புரட்டுவது படங்கள் உள்ள பக்கங்களையே. படத்தைப் பார்த்த கண் அடுத்து அதன் கீழுள்ள எழுத்தைப் பார்க்கிறது. அந்த இரண்டு வரியைப் பற்றியே இன்று பேச விழைகிறேன். அதிலும் ஒரே ஒரு படத்தின் கீழ் எழுதிய வரியைப் பற்றி.

சென்ற ஆண்டு தீபாவளிப் படங்களைத் தொகுத்தபோது இவ்வூர் அம்மையார் ஒருவருடைய படம் கிடைத்தது. வைகறை வேளை, பித்தளைக் குத்துவிளக்கின் முன் அவர் குனிந்து நிற்கிறார். பின்சுவரில் அவர் கணவரின் படம், மாலையுடன். கணவர் மறைந்து ஏழு திங்கள் ஆகியிருந்தன. எங்களுள் ஒருவர் நல்லெண்ணத்தோடுதான் எழுதினார்: “அன்புக் கணவரை இழந்த துயரிலும் மனந்தளராது தனிமையில் முதல் தீபாவளியைக் கொண்டாடும் அம்மையார்.” எனக்கும் அப்போது அதில் பிழை தோன்றவில்லை. பிறகு உரக்கப் படித்துப் பார்த்தேன். அம்மையார் பக்கத்தில் இருந்தால் இதைப் படிக்க நம் நா எழுமா என்று எண்ணியதும் தயக்கம் வந்தது.

அந்த வரியில் என்ன குறை? முதலாவது, அது உண்மையன்று. ஒருவர் மறைந்த ஓராண்டிற்குப் பண்டிகை கொண்டாடாமல் இருப்பது இப்பக்கத்துப் பல குடும்பங்களின் வழக்கம். அடுப்பில் பலகாரம் ஏறாது. உறவினர் கொண்டுவந்து தருவர். அவ்வாறிருக்க ‘கொண்டாடும்’ என்பது எப்படிப் பொருந்தும்? அவர் விளக்கேற்றினார். படத்தில் தெரிவதும் அதுவே. ‘தனிமையில்’ என்பதும் பொய். படத்தை எடுத்தவர் அவருடைய பேத்தி!

இரண்டாவது குறை இன்னும் நுட்பமானது. ‘இழந்த’, ‘துயரிலும்’ என்பவை இரக்கத்தைத் தூண்டும் சொற்கள் என்பது எளிதில் புரியும். ‘மனந்தளராது’ என்பது புகழ்ச்சிபோல் தோன்றும். ஆனால் தளர்ந்திருக்க வேண்டியவர் என்று அது முன்னரே முடிவு செய்துவிடுகிறது. புகழ்ச்சிக்குள் ஒளிந்து வரும் இரக்கம் அது.

கணவரைக் குறிக்கும் சொல்லிலும் நாம் கருத்தாக இருத்தல் வேண்டும். ‘இறைவனடி சேர்ந்த’ என்பது நம் கொள்கைக்கு ஒவ்வாது. ‘வீடுபேறு எய்திய’ என்று சிலர் எழுதிவிடுகின்றனர். இப்பஞ்சம காலத்தில் இந்நிலத்திலிருந்து வீடுபேறு இல்லை என்பது நம் ஆகமம். ‘மறைந்த’ அல்லது ‘காலஞ்சென்ற’ என்பது போதும். இன்னொன்று: ‘தலைத் தீபாவளி’ என்பது புதுமணமக்களுக்கு உரிய சொல். ‘முதல்’ என்பதற்கு ஈடாக அதை இங்கே மறந்தும் இட்டுவிடலாகாது.

பெரியோர்களே, இத்தகைய வரி எழுதுவதில் நமக்கு முன்னோர் இருக்கின்றனர். நம் ஊரிலிருந்து வைகையைக் கடந்து தெற்கே சென்றால் கீழக்குயில்குடிச் சமணர்மலை. தாமரைக் குளத்தருகே படியேறினால் பேச்சிப்பள்ளம். அங்கே பாறையில் வரிசையாகத் தீர்த்தங்கரர் திருமேனிகள். அவற்றின் கீழ் வட்டெழுத்தில் சிறு சிறு வரிகள். 9, 10ஆம் நூற்றாண்டுகளைச் சார்ந்தவை. அவற்றுள் ஒன்று, அச்சணந்தியின் தாயார் குணமதியார் இத்திருமேனியைச் செய்வித்தார் என்று அறிவிக்கிறது. பெயர், உறவு, செயல் என மூன்றே செய்திகள். மகன் துறவு பூண்டவர். தாயின் உள்ளம் என்ன பட்டதோ, கல் அதைக் கூறவில்லை. ஆனால் செய்வித்தவர் அவர் என்பதை ஆயிரம் ஆண்டுகளாகக் கூறிக்கொண்டிருக்கிறது.

நம் பொருளுக்கு இன்னும் நெருங்கிய சான்று வேற்றுச் சமயக் கோயிலொன்றில் உள்ளது. கும்பகோணத்தை அடுத்த கோனேரிராசபுரம், பழம்பெயர் திருநல்லம். கண்டராதித்த சோழர் மறைந்தபின் அவருடைய தேவியார் செம்பியன் மாதேவியார் தம் மகன் உத்தம சோழன் ஆட்சியில் அக்கோயிலைக் கற்றளியாக்கினார். சுவரில் கணவர் சிவலிங்கத்தை வழிபடுவதாக ஒரு சிற்பம் அமைத்து, அதனருகே ஒரு வாசகமும் வெட்டுவித்தார். கண்டராதித்தரின் தேவியாராகிய தாம், அவர் திருநாமத்தால் இக்கற்றளியை எழுப்பியதையும், அவர் இறைவனைத் தொழுவதாக இவ்வுருவை அமைத்ததையும் சொல்லி, கண்டராதித்தர் இவரே என்று அது முடிகிறது. கைம்மையைப் பற்றி ஒரு சொல் இல்லை; கண்ணீர் இல்லை. ஆயினும் கணவர் இல்லாமையை அதைவிடத் தெளிவாக யாரால் சொல்ல இயலும்? ஒருவர் இருக்கும்போது அவரை இன்னார் இவர் என்று மனைவி சுட்டிக்காட்ட வேண்டியதில்லையே.

ஆகவே நாங்கள் அந்த வரியை அழித்துவிட்டு மீண்டும் எழுதினோம். அம்மையாரின் பெயர் முதலில். பிறகு இடம், நாள், செயல். கணவரின் பெயரை விட்டுவிடலாம், ஊரார் அறிவரே என்றார் ஒருவர். நான் இசையவில்லை. இன்றைக்கு ஊரார் அறிவர். இருபது ஆண்டு கழித்து இம்மலரைப் புரட்டும் கொள்ளுப்பேரன் அறியான். பெயர் இருக்கத்தான் வேண்டும். துயரத்தைச் சொல்ல வேண்டாமா என்றும் ஒரு வினா எழுந்தது. அந்த நாளே அதைச் சொல்லிவிடுகிறது என்றேன். மகாவீரர் நிர்வாணம் எய்தியது அவ்வைகறையில். கௌதம கணதரர் கேவலஞானம் பெற்றது அன்று மாலையில். ஆசிரியர் நீங்கிய நாளிலேயே விளக்கேற்றி வருபவர்கள் நாம். ‘துயரிலும் விளக்கேற்றினார்’ என்னும் ‘உம்’ நமக்கு எதற்கு?

எழுதியதை எடுத்துக்கொண்டு அம்மையார் இல்லம் சென்றோம். அவரைக் கேளாமல் அச்சிடலாகாது என்பது அன்று முதல் எங்கள் விதி. படித்துக் காட்டினேன். சற்று நேரம் படத்தையே பார்த்திருந்துவிட்டு, “எல்லாம் சரிதான் ஐயா. ஆனா அந்த விளக்குக்குத் திரி போடுறது வருஷா வருஷம் அவர் வேலை. என்னைத் தொடவே விடமாட்டார். இந்த வருஷம் நான் போட்டேன். அதைப் போடுங்க” என்றார். எங்களில் எவருக்கும் இது தோன்றியிருக்க வழியில்லை.

அங்கேயே திருத்தினேன். “கணவர் ஆண்டுதோறும் திரியிட்ட விளக்கிற்கு இவ்வாண்டு தாமே திரியிட்டு” என்று எழுதிக் காட்டினேன். ‘தாமே’ என்னும் சொல்லில் அவர் விரலை வைத்தார். “இது யாருமில்லாதவள் மாதிரி இருக்கு” என்றார். ஓர் ஏகாரத்தில் அத்தனை இரக்கம் ஒளிந்திருந்ததை இலக்கணம் பயின்ற நான் காணவில்லை, அவர் கண்டார். அதையும் நீக்கினேன்.

அச்சில் வந்தது இது. பெயர்களை மட்டும் இங்கே விடுகிறேன்: “திருமதி … அம்மையார், மகாவீரர் நிர்வாண நாள் வைகறையில், பரவை இல்லத்தில். பின்னே உள்ள படத்தில் அவர்தம் கணவர், காலஞ்சென்ற திரு. …. விளக்கிற்கு ஆண்டுதோறும் திரியிட்டவர் அவர். இவ்வாண்டு திரியிட்டவர் இவர்.”

மலர் வெளிவந்தபின் அம்மையார் பத்துப் படிகள் வாங்கிச் சென்றார். இவ்வாண்டும் படம் எடுக்க வரலாமா என்று சென்ற வாரம் கேட்டனுப்பினோம். வரலாம், ஆனால் இம்முறை திரியிடப் போவது பேத்தி என்று சொல்லியனுப்பியிருக்கிறார்.