ஆஃபர் லெட்டர் இன்னும் வரல, ஆதார் மட்டும் கேக்குறாங்க

போன எபிசோடுக்கு அப்புறம் சென்னையில இருந்து ஒரு நேயர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாங்க. பேக்-ஆஃபீஸ் வேலை, போன்லயே பத்து நிமிஷ இன்டர்வியூ. மறுநாள் எச்.ஆர்.னு சொல்லி ஒருத்தர் வாட்ஸ்அப்ல வந்து, "நீங்க ஷார்ட்லிஸ்ட் ஆயிட்டீங்க, இன்னைக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள ஆதார் ரெண்டு பக்கம், பான், பாஸ்புக் முதல் பக்கம், ஒரு செல்ஃபி அனுப்புங்க"ன்னு கேட்டிருக்கார். சம்பளம் எவ்வளவுன்னு இன்னும் பேசவே இல்ல. "அனுப்பலாமா, அனுப்பலன்னா வேலை போயிடுமா?" இதுதான் கேள்வி.

முதல்ல, ஒரு கம்பெனிக்கு இந்தக் காகிதம்லாம் எப்போ தேவைப்படுதுன்னு பாப்போம். பான் எதுக்கு? சம்பளத்துல வரி பிடிக்க. பேங்க் அக்கவுன்ட் எதுக்கு? சம்பளம் போட. ரெண்டுமே நீங்க சேர்ந்த பிறகு நடக்குற விஷயம். ஆஃபரை நீங்க ஏத்துக்கிட்ட பிறகு, சேரும்போது கேட்டா அது முறை. நிறைய கம்பெனி அவங்களே புது சேலரி அக்கவுன்ட் திறந்து குடுக்குறாங்க, அங்க உங்க பழைய பாஸ்புக்குக்கு வேலையே இல்ல. உங்களைத் தேர்ந்தெடுக்கலாமா வேண்டாமான்னு யோசிக்கிறவருக்கு உங்க அக்கவுன்ட் நம்பர் என்ன சொல்லப் போகுது?

இப்போ அந்த நாலையும் ஒண்ணா வச்சுப் பாருங்க. ஆதார், பான், முகம் தெரியுற செல்ஃபி. உங்க பேர்ல ஒரு ஆப்ல கடன் வாங்கவோ, சிம் எடுக்கவோ முயற்சி பண்றவனுக்கு வேண்டிய அடிப்படைப் பொருள் இதுதான். ஓ.டி.பி. இல்லாம முடியாதுன்னு நீங்க சொல்லலாம். அதனாலதான் கொஞ்ச நேரத்துல "வெரிஃபிகேஷன் கோட் வரும், அதையும் அனுப்புங்க"ன்னு அடுத்த மெசேஜ் வரும்.

பாஸ்புக் கதை வேற. அக்கவுன்ட் நம்பரும் ஐ.எஃப்.எஸ்.சி.யும் மட்டும் வச்சு யாரும் உங்க பணத்தை எடுத்துட முடியாது. ஆனா அதுல பணம் போடலாம்ல? வேற யார்கிட்டயோ ஏமாத்தின பணம் உங்க அக்கவுன்ட்ல வந்து விழும். "தப்பா வந்துடுச்சு, இந்த நம்பருக்கு மாத்தி விடுங்க"ன்னு சொல்வாங்க, இல்லைன்னா அதுதான் உங்க வேலையேன்னு சொல்வாங்க. நீங்க மாத்தி விட்டா, புகார் வரும்போது உங்க அக்கவுன்ட்தான் முடங்கும். போலீஸ் கூப்பிடுறதும் உங்களைத்தான். அப்படி பணம் வந்தா கை வைக்காம பேங்குக்கு எழுத்துல சொல்லுங்க.

சரி, எப்படி மறுக்கிறது? ரெண்டு வரி போதும்: "வணக்கம் சார், இந்த வேலையில எனக்கு ஆர்வம் இருக்கு. கம்பெனி மெயில் ஐடியில இருந்து ஆஃபர் லெட்டர் வந்ததும் எல்லா டாக்குமென்ட்டும் குடுத்துடுறேன். நேர்ல வரும்போது ஒரிஜினல் ஐடி காட்டுறேன்." காரணம் சொல்லிக்கிட்டே போக வேண்டாம். உண்மையான எச்.ஆர்.னா பெரும்பாலும் "சரி"ன்னு விட்டுடுவாங்க. "அப்போ வேற ஆளுக்குக் குடுத்துடுவோம்"னு உடனே மிரட்டினா, அதுவே பதில்தான்.

ஆனா கேக்குற எல்லாருமே திருடங்க இல்ல, அதையும் சொல்லணும். ஒரே ஆள் ரெண்டு தடவை அப்ளை பண்றதைக் கண்டுபிடிக்க, பெரிய கம்பெனிகள்ல சிலது போர்ட்டல்லயே பான் நம்பர் கேக்கும். அந்தத் தளத்தோட முகவரியை நீங்களே டைப் பண்ணி உள்ள போனீங்கன்னா, அது வேற கணக்கு. சம்பளம் பேசும்போது பழைய பே ஸ்லிப் கேக்குறதும் நம்ம ஊர்ல சகஜம். குடுக்குறதா இருந்தா, அதுல இருக்குற பான், அக்கவுன்ட் நம்பரை மறைச்சுட்டுக் குடுங்க. அதுக்குப் பதிலா முழு பேங்க் ஸ்டேட்மென்ட் கேட்டா, எனக்கு அது அதிகப்படியாத்தான் தெரியுது. நீங்க எங்க பிரியாணி வாங்குறீங்கன்னு அவங்களுக்கு எதுக்கு?

அடையாளம் காட்டியே ஆகணும்னா மாஸ்க்டு ஆதார் குடுங்க. myaadhaar.uidai.gov.in தளத்துல டவுன்லோட் பண்ணும்போது அந்தக் கட்டத்தை டிக் பண்ணா, கடைசி நாலு இலக்கம் மட்டும்தான் தெரியும். நகல் மேல கம்பெனி பேரு, தேதி, எதுக்காகன்னு குறுக்க எழுதிடுங்க.

ஏற்கெனவே அனுப்பிட்டவங்க, ஆதார் தளத்துல பயோமெட்ரிக்கை லாக் பண்ணுங்க. sancharsaathi.gov.in போய் உங்க பேர்ல எத்தனை சிம் இருக்குன்னு பாருங்க. கிரெடிட் ரிப்போர்ட்டை ஒவ்வொரு நிறுவனமும் வருஷத்துக்கு ஒரு தடவை இலவசமா குடுக்கணும். அதுல நீங்க கேக்காத கடனுக்கு யாராவது விசாரிச்சிருக்காங்களான்னு தேடுங்க. அடுத்த சில மாசத்துக்கு ஒரு கண் வைங்க, உடனே தெரியாம போகலாம். பணம் போயிருந்தா அந்த நிமிஷமே 1930க்கு கூப்பிடுங்க.