நடையும் பிடியும் நிற்கும் நிலையும்

முதியவர் ஒருவர் நான்கு மீட்டர் தூரத்தைத் தன் வழக்கமான நடையில் கடக்க எத்தனை விநாடி ஆகிறது என்பதை, ரத்த அழுத்தத்தைக் குறித்துவைப்பதுபோலவே முதியோர் மருத்துவர்கள் குறித்துவைக்கிறார்கள். அதோடு கைப்பிடியின் வலுவையும், தடுமாறாமல் நிற்கும் நேரத்தையும் சேர்த்துப் பார்த்தால், பிறந்த ஆண்டு சொல்லாத ஒரு வயது தெரியவரும். உடல் அன்றாட வேலைகளைச் செய்யும் திறனின் வயது அது.

நடப்பதற்குத் தசை மட்டும் போதாது. இதயமும் நுரையீரலும் மூட்டுகளும் கண்ணும் நரம்பும் மூளையும் ஒன்றுகூடிச் செய்யும் வேலை அது. அவற்றில் எது தளர்ந்தாலும் வேகம் குறையும். 34,000-க்கும் மேற்பட்ட முதியவர்களின் பதிவுகளைத் தொகுத்து 2011-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், நடைவேகம் கூடக்கூட வாழ்நாளும் கூடியிருந்தது. ஆசியர்களுக்கென 2019-இல் வகுக்கப்பட்ட வரையறையின்படி, விநாடிக்கு 1 மீட்டருக்குக் கீழே போனால் அது மெதுவான நடை.

அளக்கும் முறையில்தான் பலரும் தவறுகிறார்கள். கோட்டின் மேல் நின்று புறப்படச் சொன்னால், முதல் இரண்டு எட்டுகளின் தயக்கமும் கணக்கில் சேர்ந்துவிடும். ஆகவே தொடக்கக் கோட்டுக்கு ஒரு மீட்டர் முன்பே நடக்கத் தொடங்கி, முடிவுக் கோட்டைத் தாண்டி ஒரு மீட்டர் போய் நிற்க வேண்டும். இடைப்பட்ட நான்கு மீட்டருக்கு மட்டுமே நேரம் பார்க்க வேண்டும். "வேகமாக நடங்கள்" என்று சொல்லக்கூடாது. கடைக்குப் போகும் நடைதான் வேண்டும். கைத்தடி பிடிப்பவர் தடியோடே நடக்கலாம்.

பிடிவலுவை அளக்க டைனமோமீட்டர் என்ற கருவி இருக்கிறது. ஆண்களுக்கு 28 கிலோவுக்கும், பெண்களுக்கு 18 கிலோவுக்கும் குறைந்தால் வலுக்குறைவு என்பது அதே ஆசிய வரையறை. கருவி இல்லாத வீட்டில், பாட்டில் மூடியைத் திருக முடியாமல் போவதும், ஈரத்துணியைப் பிழிய இன்னொருவர் தேவைப்படுவதும் ஏறக்குறைய அதே செய்தியைச் சொல்லும். கை இங்கே உடல் முழுவதன் தசைக்கும் ஒரு மாதிரி, அவ்வளவுதான். ரப்பர் பந்தை அழுத்தி அழுத்திக் கையை மட்டும் வலுவாக்கினால் எண் ஏறலாம், தொடைத்தசை ஏறாது.

சமநிலைக்கு, ஒரு பாதத்தின் குதிகால் மறு பாதத்தின் விரல்களைத் தொடும்படி நேர்கோட்டில் வைத்து 10 விநாடி நிற்கச் சொல்கிறார்கள். பக்கத்தில் ஒருவர் துணை நிற்காமல் இதைச் செய்து பார்க்கவே கூடாது.

மூன்றையும் ஏன் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதை ஓர் எடுத்துக்காட்டில் காணலாம். 72 வயதுப் பெண் ஒருவர், 15 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுபவர் என்று வைத்துக்கொள்வோம். நான்கு மீட்டரைக் கடக்க அவருக்கு 6 விநாடி ஆகிறது, விநாடிக்கு 0.67 மீட்டர். மெலிந்துவிட்டார், தசை போய்விட்டது என்றுதான் வீட்டில் நினைப்பார்கள். ஆனால் பிடிவலு 21 கிலோ இருக்கிறது. நேர்கோட்டு நிலையிலோ 4 விநாடிக்கு மேல் நிற்க முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு முகம் கழுவும்போது தள்ளாடுவதாகவும், இருட்டில் குளியலறைக்குப் போக அஞ்சுவதாகவும் சொல்கிறார்.

இந்த மூன்றும் சேர்ந்து சந்தேகத்தைத் தசையிலிருந்து பாதத்துக்குத் திருப்புகின்றன. உள்ளங்கால் நரம்பு மரத்திருந்தால், தரை எங்கே இருக்கிறது என்பதைக் கண்தான் ஈடுகட்டிச் சொல்லும். கண் மூடினாலோ விளக்கு அணைந்தாலோ அந்த ஈடும் போய்விடும். ஆகவே பாத உணர்ச்சியையும், மெட்ஃபார்மினை நெடுநாள் சாப்பிடுவோரிடம் குறையக்கூடிய வைட்டமின் பி12-ஐயும் சோதிக்க வேண்டும். காதின் சமநிலை உறுப்பும், எழுந்து நிற்கையில் ரத்த அழுத்தம் இறங்குவதும் காரணமாக இருக்கலாம்; அவற்றையும் விலக்கிப் பார்க்க வேண்டும். இதே பெண்ணுக்குப் பிடி 14 கிலோவாக இருந்து, நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழ முடியாமலும் இருந்திருந்தால், வழி வேறு: புரத உணவும் தொடைக்கான பயிற்சியும் முதலில் வரும்.

எண் பொய் சொல்லும் இடங்களும் உண்டு. விரல் மூட்டு வீங்கியவருக்கு வலிதான் பிடியைத் தளர்த்தும். முழங்கால் தேய்ந்தவரின் மெதுவான நடை மூட்டின் கதை. காய்ச்சலில் கிடந்து எழுந்த வாரத்தில் எடுத்த அளவும் உதவாது. ஆய்வுகள் சொல்லும் ஆயுள் கணக்கு பெருங்கூட்டத்துக்கு உரியது. தனியொருவரின் நாளை அதைக்கொண்டு எண்ண முடியாது. அவருடைய பழைய எண்ணோடு புதியதை ஒப்பிடுவதே மெய்யான பயன் தரும். விநாடிக்கு 0.1 மீட்டர் மாறினால் அதைப் பொருட்படுத்த வேண்டும். மேலே சொன்ன பெண், குளியலறை விளக்கு, பி12, சமநிலைப் பயிற்சி ஆகியவற்றுக்குப் பின் மூன்று மாதத்தில் அதே நான்கு மீட்டரை 5 விநாடியில் கடந்தால், வேகம் 0.8 ஆகியிருக்கும்.