காற்று மலரைப் படிக்கும் முறை



மேற்கிலிருந்து வரும் காற்றைக் கோடை என்றும், கிழக்கிலிருந்து வருவதைக் கொண்டல் என்றும், வடக்கிலிருந்து வருவதை வாடை என்றும், தெற்கிலிருந்து வருவதைத் தென்றல் என்றும் நம் முன்னோர் அழைத்தனர். காற்று எங்கே செல்கிறது என்பதைக் கொண்டல்ல, எங்கிருந்து வருகிறது என்பதைக் கொண்டே பெயரிட்டனர். வானிலை அறிஞர் வரையும் காற்று மலர்ப் படத்துக்கும் இதுவே விதி. மேற்கே நீண்டிருக்கும் இதழ் மேல்காற்றைக் குறிக்கும். அக்காற்று கிழக்கு நோக்கி வீசும்.

படத்தின் நடுவில் ஒரு சிறு வட்டம் உண்டு. காற்று அசையாதிருந்த நேரம் நூற்றுக்கு எவ்வளவு என்பது அதில் எழுதப்பட்டிருக்கும். அதைச் சுற்றி எட்டு அல்லது பதினாறு திசைகளில் இதழ்கள் விரியும். இதழின் நீளம் அத்திசைக் காற்று எவ்வளவு நேரம் வீசியது என்பதைச் சொல்லும். எவ்வளவு வலிமையாக வீசியது என்பதைச் சொல்லாது. வலிமையை அறிய, இதழைப் பகுத்துக் காட்டும் வண்ணப் பட்டைகளைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு பட்டையும் ஒரு வேக அளவுக்கு உரியது.

இவ்வேறுபாட்டை மறந்தால் என்ன நேரும்? குமரி மாவட்டத்து ஆரல்வாய்மொழிக் கணவாயைப் போன்ற ஓர் இடத்தில் காற்றாலை நிறுவ எண்ணுகிறோம் என்று கொள்வோம். கணக்குக்காக எளிய எண்களை எடுத்துக்கொள்வோம். வடகிழக்கு இதழ் நூற்றுக்கு 20. அதன் வேகம் பெரும்பாலும் விநாடிக்கு 4 மீட்டர். மேற்கு இதழ் நூற்றுக்கு 10 மட்டுமே. ஆனால் வேகம் 8 மீட்டர். ஆண்டின் 8,760 மணி நேரத்தில் முன்னது 1,752 மணி. பின்னது 876 மணி. நீண்ட இதழே பயன் மிக்கது என்று தோன்றும். ஆனால் காற்றின் ஆற்றல் வேகத்தின் முப்படிக்கு ஏற்ப வளர்வது. வேகம் இரட்டித்தால் ஆற்றல் எட்டு மடங்காகும். நேரம் பாதியாயினும், குறுகிய மேற்கு இதழே நான்கு மடங்கு ஆற்றல் தரும். ஆகவே காற்றாலை வரிசைகளை மேல்காற்றுக்குக் குறுக்காக அமைத்து, வரிசைகளுக்கிடையே மிகுந்த இடைவெளி விட வேண்டும். இல்லையேல் முன்வரிசை கடந்து மெலிந்த காற்றே பின்வரிசைக்குக் கிட்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஆண்டு முழுமைக்கும் வரைந்த ஒரே மலரில், தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துவிடும். எதிரெதிரே இரண்டு நீண்ட இதழ்களைக் கண்டால், மாதவாரியாக வரைந்த மலர்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். எந்த மாதத்தில் ஆலை சுழலும், எந்த மாதத்தில் ஓய்ந்து நிற்கும் என்பதை அவையே காட்டும்.