பள்ளி திறக்கும் நாள் மாறியது பற்றி

(2023 ஜூன் 12ஆம் நாள், காலை வழிபாட்டுக் கூட்டத்தில் தலைமையாசிரியர் ஆற்றிய உரை)



சென்ற ஏப்ரல் 28ஆம் நாள் இதே மரத்தடியில் நின்று, பள்ளி இன்றோடு மூடப்படுகிறது, ஆறாம் வகுப்பு முதல் மேலே உள்ளவர்களுக்கு ஜூன் 1ஆம் நாளும், ஐந்தாம் வகுப்பு வரை உள்ளவர்களுக்கு 5ஆம் நாளும் திறக்கப்படும் என்று அறிவித்தேன். அந்த அறிவிப்பு இருமுறை மாறிற்று. வெயிலின் கடுமை கருதி, எல்லோருக்கும் ஜூன் 7 என்று முதலில் அரசு தள்ளிவைத்தது. 7ஆம் நாளுக்கு ஓரிரு நாட்களே இருக்கையில், மேல்வகுப்புகளுக்கு இன்றைய நாளும், தொடக்க வகுப்புகளுக்கு 14ஆம் நாளும் என்று மறுபடியும் மாற்றியது. ஆகவே உங்கள் தம்பி தங்கையர் நாளை மறுநாள், புதன்கிழமை காலையில் வரவேண்டும். இன்று மாலை வீட்டுக்குப் போனவுடன் இதைச் சொல்லிவிடுங்கள். நாள் மாறியது தெரியாமல் சென்ற வாரம் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பிய குழந்தைகள் உண்டு.

நாம் இழந்த வேலைநாட்களை எண்ணிப் பார்த்தேன். மேல்வகுப்புகளுக்கு ஜூன் 1, 2 ஆகிய இரண்டும், அடுத்த வாரத்து ஐந்துமாக ஏழு நாட்கள். தொடக்க வகுப்புகளுக்கும், நாள் வேறாயினும், கணக்கு ஏழுதான். இதனை ஈடுசெய்ய ஏழு சனிக்கிழமைகளில் நம் பள்ளி நடைபெறும். வரும் 17ஆம் நாள் தொடங்கி வாரந்தோறும் வரும். ஜூலை 29 மொகரம் ஆகையால் அதனை விட்டு, ஆகஸ்டு 5ஆம் நாளோடு ஏழும் நிறைவுறும். இவ்வளவில் என் அறிவிப்பு முடிந்தது என்று மணியடித்து உங்களை வகுப்புக்கு அனுப்பிவிடலாம். ஆனால் இன்று வரிசைகளைப் பார்க்கையில் சில இடங்கள் காலியாக இருக்கின்றன. அதைப் பற்றிப் பேசாமல் மணியடிக்க எனக்கு மனம் வரவில்லை.

எட்டாம் வகுப்பு வரிசையில் நிற்கவேண்டிய ஒரு மாணவன் இன்று வரவில்லை. அவன் பெயரைச் சொல்லப் போவதில்லை. வயது பன்னிரண்டு. அவனுடைய தாய் தந்தையர் பொங்கல் கழிந்தவுடன் திருவள்ளூர் மாவட்டத்தில் ஒரு செங்கற்சூளைக்குப் போனார்கள். பையன் பாட்டியிடம் தங்கிப் படித்தான். ஏப்ரலில் பள்ளி மூடியதும், சோறாவது ஒன்றாய்ச் சாப்பிடலாம் என்று அவனையும் அங்கே அழைத்துக்கொண்டார்கள். ஜூன் 7இல் பள்ளி என்று கேள்விப்பட்டுத் தகப்பனார் அவனை 5ஆம் நாள் இரவே பேருந்து ஏற்றிவிட்டார். 6ஆம் நாள் காலை அவன் புத்தகப்பையோடு ஊர் வந்து சேர்ந்தபோது, பள்ளி 12ஆம் நாளுக்குப் போய்விட்டது. பாட்டி வீட்டில் இரண்டு நாள் இருந்தான். "இன்னும் நாலைந்து நாள் இருக்கிறதே, சும்மா இருப்பானேன், வரச்சொல்லுங்கள்" என்று அங்கிருந்து தொலைபேசி வந்தது. போனான். இன்று இல்லை.

நேற்று அவன் தகப்பனாரோடு தொலைபேசியில் பேசினேன். அவர் மகனைப் படிக்கவைக்க விரும்பாதவர் அல்லர். விரும்பாதவராயின் 5ஆம் நாள் பேருந்துக் கட்டணம் செலவழித்திருக்க மாட்டார். "இந்த மாதம் முடிய விடுங்கள் ஐயா, கணக்குத் தீர்ந்ததும் கூட்டி வருகிறேன்" என்றார். அந்தக் கணக்கு என்னவென்று உங்களில் பலருக்குத் தெரியும், தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்.

சூளைக்குப் போகுமுன் குடும்பம் முன்பணம் வாங்குகிறது. கல்யாணத்துக்கோ, மருத்துவத்துக்கோ, மழைக்காலத்துச் சாப்பாட்டுக்கோ அது செலவாகிவிடும். அங்கே கூலி நாளுக்கல்ல, ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று. வாரந்தோறும் சாப்பாட்டுச் செலவுக்குக் கொஞ்சம் தருவார்கள். மீதியை முன்பணத்தில் கழித்துப் பருவ முடிவில்தான் கணக்குப் பார்ப்பார்கள். கல்லுக்குக் கூலி என்பதால், கூட ஒரு சிறு கை இருந்தால் கல் கூடும். ஆணும் பெண்ணும் விடியுமுன் எழுந்து, மண்ணைப் பிசைந்து அச்சில் அறுத்து வரிசையாகக் களத்தில் வைப்பார்கள். ஒரு பக்கம் காய்ந்த பச்சைக்கல்லை மறுபக்கம் காயத் திருப்பி நிறுத்த வேண்டும். அந்த வேலைக்குத்தான் பிள்ளையைக் குனியவைக்கிறார்கள். "அது வேலையா, விளையாட்டுப்போல" என்பார்கள். நூறு கல்லைக் குனிந்து திருப்பிப் பார்த்தவர்களுக்கு அது விளையாட்டா என்பது தெரியும்.

இங்கே ஒரு விந்தையைக் கவனியுங்கள். எந்த வெயிலுக்கு அஞ்சிப் பள்ளியை மூடினோமோ, அந்த வெயில்தான் சூளைக்கு வேண்டும். வெயில் நீடித்தால் கல் நன்றாய்க் காயும். மழை வந்தால்தான் களம் ஓயும். ஆகவே பள்ளி தள்ளிப்போகும் ஒவ்வொரு நாளும் அங்கே முழு வேலை நடக்கும் நாளாகும். நிழலில் இருக்கட்டும் என்று கொடுக்கப்பட்ட விடுமுறையில் நம் பையன் வெட்டவெளியில் கல் திருப்பினான். அரசின் முடிவைக் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. தகரக் கூரையின்கீழ் முதல் வகுப்புக் குழந்தையை அந்த வெயிலில் உட்காரவைக்க நானும் சம்மதித்திருக்க மாட்டேன். நாள் மாறும்போது யார் யார் எங்கே இருக்கிறார்கள் என்று நாம் விசாரித்திருக்க வேண்டும். அதை நான் செய்யவில்லை. 6ஆம் நாள் அவன் ஊரில்தான் இருந்தான். அன்று ஓர் ஆசிரியர் பாட்டி வீட்டுக்குப் போயிருந்தால் போதும்.

சட்டத்தைப் பற்றி இரண்டு செய்தி. பதினான்கு வயது நிரம்பாத பிள்ளையை எந்த வேலைக்கும் அமர்த்தக்கூடாது. 2016இல் திருத்தப்பட்ட சட்டத்தில், பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும் சொந்தக் குடும்பத் தொழிலுக்கு உதவலாம் என்று ஒரு விலக்கு உண்டு. சூளைக்காரர்கள் இதைக் காட்டி, "தாய் தகப்பனுக்குத்தானே துணை செய்கிறான்" என்பார்கள். சூளை அந்தத் தகப்பனுடையதா? அன்று. ஆகையால் அந்த விலக்கு அங்கே செல்லாது. இன்னொன்று, கடனுக்காக ஒருவரைப் போகவிடாமல் பிடித்துவைப்பது கொத்தடிமை முறை. 1976ஆம் ஆண்டுச் சட்டம் அப்படிப்பட்ட கடனையே இல்லாமற் செய்துவிட்டது. முன்பணம் தீரவில்லை என்று யாரையும் தடுத்தால், கோட்டாட்சியரிடமோ மாவட்ட ஆட்சியரிடமோ மனுக் கொடுக்கலாம். பிள்ளைகளுக்காக 1098 என்ற எண்ணுக்கு நீங்களே தொலைபேசியில் பேசலாம்; கட்டணமில்லை.

பிந்தி வருகிறவர்களுக்கு இடம் உண்டா என்று நேற்று ஒரு தாய் கேட்டார். உண்டு. எட்டாம் வகுப்பு வரை, ஆண்டின் எந்த நாளில் வந்தாலும் பள்ளி சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம். மாற்றுச் சான்றிதழ் கையில் இல்லை என்று திருப்பி அனுப்பக்கூடாது. பெற்றோர் வர முடியாவிட்டால், சூளைக்கு அருகிலுள்ள பள்ளியிலேயே அதுவரை உட்காரலாம். ஒன்பதாம் வகுப்புக்கு மேல் அந்தச் சட்டம் எட்டாது. எனினும் நம் பள்ளியில் ஜூன் மாதம் வராத காரணத்துக்காக எந்த மாணவர் பெயரையும் நான் அடிக்கப்போவதில்லை.

இப்போது நீங்கள் செய்யவேண்டியது. வகுப்புக்குப் போனதும், உங்கள் தெருவில் இன்று வராதவர் யார், எங்கே இருக்கிறார், வீட்டில் யார் இருக்கிறார்கள், தொலைபேசி எண் என்ன என்பதை ஒரு தாளில் எழுதி வகுப்பாசிரியரிடம் கொடுங்கள். யாரையும் காட்டிக்கொடுப்பதாக நினைக்க வேண்டா. அந்தத் தாள் என் மேசையைத் தாண்டிப் போகாது. அந்தப் பையனை அழைத்துவர உடற்பயிற்சி ஆசிரியரும் நானும் நாளை இரவுப் பேருந்தில் புறப்படுகிறோம். பாட்டியையும் உடன் அழைத்துப் போகிறோம், அவர் சொல்லுக்குத் தகப்பனார் கட்டுப்படுவார். புதன்கிழமை தொடக்க வகுப்புகள் திறக்கும்போது நான் இங்கு இருக்க மாட்டேன். உதவித் தலைமையாசிரியர் பார்த்துக்கொள்வார். பத்தாம் வகுப்பு மாணவர்கள் அன்று அரைமணி முன்னதாக வந்து, சிறு பிள்ளைகளின் குடிநீர்ப் பானைகளை நிரப்பிவையுங்கள்.

மணி அடிக்கலாம்.