காற்று வேறு, சரசரப்பு வேறு
(குறுவள மையக் கூட்டத்தில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

சென்ற ஆடி மாதம் ஏழாம் வகுப்பு மாணவர்களோடு எங்கள் ஊர் ஏரிக்கரைக்குப் போனேன். பல ஆண்டுகள் மடை திறந்து மூடிய நீர்பாய்ச்சி ஒருவரைப் பேட்டி எடுத்தோம். சட்டையில் செருகும் சிறிய மைக்கும் கைப்பேசியும்தான் கருவிகள். 18 நிமிடம் அருமையாகப் பேசினார். பள்ளிக்கு வந்து கேட்டால், காற்றின் குமுறலும் நடுநடுவே சரக் சரக்கென்ற ஓசையும்தான் முன்னால் நின்றன. மறுநாள் மறுபடியும் போனோம். "அதான் நேத்தே சொல்லிட்டேனே சார்" என்று முழுக் கதையையும் நாலு வரியில் முடித்துவிட்டார். முதல் பதிவையே காப்பாற்றுவதைத் தவிர வழியில்லை.

ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் வேலையைத் தொடங்கினோம். முதலில் நான் செய்தது தவறு. குரல் சன்னமாக இருக்கிறதே என்று ஒலியளவைக் கூட்டப் பார்த்தேன், கூடவே இல்லை. காற்றின் வீச்சு ஏற்கெனவே உச்சத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் குரல் எப்படி உயரும்? அடுத்து Noise Reduction போட்டேன். பெரியவர் குடத்துக்குள் தலையை விட்டுப் பேசுவதுபோல் ஆகிவிட்டது. அந்த வசதி மின்விசிறி போல ஒரே சீராக ஓடும் இரைச்சலுக்கு ஏற்றது. காற்றோ நொடிக்கு நொடி மாறுகிறது.

மைக்கில் விழும் காற்றிரைச்சல் தொலைவிலிருந்து வரும் ஓசை அன்று. காற்றுச் சுழல்கள் மைக்கின் மெல்லிய சவ்வை நேரடியாகத் தள்ளுவதால் உண்டாவது. அதன் பெரும்பகுதி 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே, அடித்தொனியில் கிடக்கிறது. ஆண் குரலின் அடித்தொனியும் ஏறக்குறைய 100 ஹெர்ட்ஸில்தான் தொடங்குகிறது. ஆனாலும் சொற்களைப் பிரித்தறிய உதவும் ஒலிகள் அதற்கு வெகு மேலே இருக்கின்றன. பழைய தொலைபேசி 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைப் பெரும்பாலும் அனுப்பவில்லை. நமக்குப் பேச்சு புரியாமலா போயிற்று?

ஆகவே மூலக் கோப்பைத் தனியே பத்திரப்படுத்திவிட்டு, நகலில் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து High-Pass Filter திறந்தோம். Frequency கட்டத்தில் 100, Roll-off கட்டத்தில் 24. குமுறல் பெருமளவு அடங்கியது. பலமாக வீசிய இரண்டு இடங்களில் மட்டும் 150 வரை ஏற்றினோம். குரல் கொஞ்சம் மெலிந்தது, சொல் போகவில்லை. அதன் பிறகுதான் ஒலியளவைக் கூட்டினோம். இந்த முறை கூடியது. ஓரிடத்தில் மட்டும் அலைவடிவத்தின் உச்சி கத்தியால் சீவியதுபோல் தட்டையாக இருந்தது. காற்றின் வேகத்தை மைக் தாங்காத இடம் அது. அங்கே குரலே உடைந்து பதிவாகியிருந்ததால் வடிகட்டி எதையும் மீட்கவில்லை.

சரசரப்புக்கு இந்த வைத்தியம் பலிக்காது. துணி உரசும் ஓசை பேச்சின் மெய்யொலிகள் இருக்கும் அதே உயரத்தில் பரவிக்கிடக்கிறது. அதை வெட்டினால் பேச்சும் சேர்ந்து போகும். பெரியவர் கையை ஆட்டிப் பேசும்போதெல்லாம் தோள்துண்டு மைக்கின் மேல் உரசியிருக்கிறது. சொற்களுக்கு இடைவெளியில் விழுந்த சரசரப்பை எடுத்துவிட்டு, அதே பதிவில் அமைதியாக இருந்த ஒரு நொடியை நகலெடுத்து அங்கே ஒட்டினோம். வெறும் மௌனத்தை வைத்தால் காது திடுக்கிடும். சொல்லின் மேலேயே விழுந்த சரசரப்பை அப்படியே விட்டோம்.

அடுத்த முறை துண்டை மறு தோளுக்கு மாற்றச் சொன்னோம். மைக்கை மோவாய்க்கு ஒரு சாண் கீழே செருகி, கம்பியை ஒரு சிறு வளையமாகச் சுற்றிச் சட்டையின் உட்புறம் ஒட்டினோம். கம்பி இழுபடும் அதிர்வு மைக்குக்கு ஏறாது. பெண்களிடம் பேட்டி எடுக்கும்போது தாலிச்சரடும் சங்கிலியும் மைக்கில் இடிக்கிறதா என்று பாருங்கள். மைக்கோடு வரும் பஞ்சு உறை மூச்சுக்காற்றுக்குப் போதும், ஏரிக்கரைக்குப் போதாது. அதன்மேல் ரோம உறை ஒன்று வேண்டும். பழைய பொம்மைத் துணியில் தைக்கலாம். துணியில் வாய் வைத்து ஊதி, மூச்சு மறுபக்கம் வந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். பத்து நொடி பதிந்து, காதணிபேசியில் கேட்ட பிறகே பேட்டியைத் தொடங்குங்கள்.

முதல் பதிவில் ஒரு சொல் கடைசிவரை தெளியவில்லை. வெள்ளம் வந்த இரவைப் பற்றிச் சொல்கையில், "எல்லாரும் கரையிலதான் படுத்தோம்" என்று பாதி வகுப்புக்குக் கேட்டது. "தரையிலதான்" என்று மீதிப் பேருக்கு. சரசரப்பு சரியாக முதல் எழுத்தின் மேல் விழுந்திருந்தது. ஊகித்து எழுத வேண்டாம் என்று பெரியவருக்கே போன் போட்டோம். "ஏரி உடையப் போற ராத்திரியில வீட்டுத் தரையில படுத்தா தூக்கம் வருமா சார்? கரையிலதான்!" என்றார்.