சுமை எப்போது இடம் மாறுகிறது?

(திருவனந்தபுரத்தில் தமிழ்த் தோழர்களுக்காக நடைபெற்ற சட்ட வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கந்துவட்டிக்காரரின் பத்திரத்தில் கையெழுத்திட்டவர் நம்மிடம் வரும்போது முதலில் சொல்வது, "வட்டி அநியாயம்" என்பதே. அது உண்மைதான். ஆயினும் அதை மட்டும் நீதிமன்றத்தில் சொன்னால் வழக்கு தோற்றுவிடக்கூடும். ஏன் என்பதே இன்றைய பொருள்.

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், சுதந்திரமான இசைவின்றி ஒப்பந்தம் நிலைக்காது என்கிறது. இசைவைக் கெடுப்பவற்றுள் முதலாவது கட்டாயப்படுத்துதல். குற்றச் சட்டம் தடுத்துள்ள செயலைச் செய்தோ, செய்வதாக மிரட்டியோ, சொத்தைச் சட்டவிரோதமாகப் பிடித்து வைத்தோ இசைவு பெறுவது அது. 1889இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முன் ஒரு வழக்கு வந்தது. கணவனை இழந்த 13 வயதுச் சிறுமி ஒரு பையனைத் தத்தெடுக்க இசையும் வரை, கணவனின் உடலை எடுக்க உறவினர் விடவில்லை. அந்தத் தத்து செல்லாது என நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இங்கே கவனிக்க வேண்டியது, கட்டாயப்படுத்தப்பட்டேன் என்பவரே அதை மெய்ப்பிக்க வேண்டும் என்பது. சுமை எதிர்த் தரப்புக்கு மாறுவதில்லை.

நம்மிடம் வரும் பெரும்பாலான கடன்காரர்களை யாரும் அடித்துக் கையெழுத்து வாங்கியிருப்பதில்லை. அவர்களுக்குப் பொருந்துவது 16ஆம் பிரிவு, அதாவது தகாத செல்வாக்கு. 1899இல் திருத்தப்பட்ட அந்தப் பிரிவின் கீழ் உள்ள எடுத்துக்காட்டுகளுள் இரண்டைப் பாருங்கள். தன் கிராமத்து லேவாதேவிக்காரரிடம் முன்பே கடன்பட்டிருப்பவர், மனச்சாட்சிக்கு ஒவ்வாததாகத் தோன்றும் நிபந்தனைகளின்மீது மீண்டும் கடன் வாங்குகிறார். தகாத செல்வாக்கு இல்லை என்று மெய்ப்பிக்க வேண்டியவர் இங்கே லேவாதேவிக்காரரே. அடுத்தது, பணச் சந்தையில் நெருக்கடி உள்ள வேளையில் வங்கியர் வழக்கத்தை மீறிய வட்டி கேட்கிறார். கடன் கேட்டவர் ஒப்புக்கொள்கிறார். இது தகாத செல்வாக்கு அல்ல. இரண்டிலும் நிபந்தனை கடுமையானதே. முதலாமவர் ஏற்கெனவே கடன் கொடுத்தவரின் பிடிக்குள் இருக்கிறார் என்பதே வேறுபாடு.

ஆகவே கடக்க வேண்டிய வாசல்கள் இரண்டு. ஒருவர் மற்றவரின் விருப்பத்தை ஆளும் நிலையில் இருந்தார் என்பதை முதலில் காட்ட வேண்டும். அதன் பிறகே, பேரம் மனச்சாட்சிக்கு ஒவ்வாதது எனக் காட்ட வேண்டும். இரண்டும் நிறைவேறினால், அந்த ஆளும் நிலையைப் பயன்படுத்தித் தான் ஆதாயம் பெறவில்லை என்று மெய்ப்பிக்கும் சுமை கடன் கொடுத்தவர்மீது விழுகிறது.

இந்த வரிசையை வகுத்தது ரகுநாத் பிரசாத் வழக்கில் 1923 டிசம்பரில் பிரிவி கவுன்சில் அளித்த தீர்ப்பு. தந்தைக்கும் மகனுக்கும் கூட்டுக் குடும்பச் சொத்தில் சண்டை. தந்தை தொடுத்த குற்றவழக்கை எதிர்கொள்ள, மகன் சொத்தை அடமானம் வைத்துச் சுமார் 10,000 ரூபாய் வாங்கினார். வட்டி ஆண்டுக்கு 24 சதவீதம், அதுவும் கூட்டு வட்டி. 11 ஆண்டுகளில் கடன் 1,12,000 ரூபாயைத் தாண்டியது. எனினும் தகாத செல்வாக்கு என்ற வாதம் தோற்றது. இருவரிடையே கடன் கொடுத்தவர், வாங்கியவர் என்பதற்கு மேல் எந்த உறவும் காட்டப்படவில்லை. அவசரத் தேவை மட்டுமே ஆளும் நிலையை உண்டாக்காது என்றது தீர்ப்பு. முதல் வாசல் திறக்காததால், கடன் பதினொரு மடங்கானது என்ற கணக்கு இரண்டாம் வாசலை எட்டவே இல்லை. 1966இல் நமது உச்ச நீதிமன்றமும் இதே வரிசையை ஏற்று, நெருங்கிய உறவு என்பதால் மட்டும் செல்வாக்கை ஊகிக்க முடியாது என்றது.

இத்தீர்ப்பின் கடுமை நமக்கு உவப்பானதல்ல. ஆனால் எதைத் திரட்ட வேண்டும் என்பதை அது தெளிவாகச் சொல்கிறது. வட்டிக் கணக்கோடு நிற்காதீர்கள். இது முதல் கடனா, பழைய கடனின் பாக்கியைச் சேர்த்து எழுதிய புதுப் பத்திரமா என்று கேளுங்கள். கடன் கொடுத்தவரே கூலி கொடுக்கும் மேஸ்திரியா? ஏடிஎம் அட்டையோ ரேஷன் அட்டையோ அவர் கையில் இருக்கிறதா? 2014இல் கேரளக் காவல்துறை நடத்திய 'ஆபரேஷன் குபேரா'வில் அகப்பட்டவை போன்ற வெற்றுக் காசோலைகளையும் முத்திரைத் தாள்களையும் கையெழுத்திட்டுக் கொடுத்திருக்கிறாரா? ஒவ்வொன்றுக்கும் தேதியும் சாட்சியும் குறித்துக்கொள்ளுங்கள். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 6ஆம் ஆணை, 4ஆம் விதிப்படி தகாத செல்வாக்கின் விவரங்களைத் தேதிகளோடு மனுவிலேயே எழுதியாக வேண்டும். "மிரட்டி வாங்கினார்கள்" என்ற பொதுவான ஒற்றை வரி போதாது.

வென்றால் கடன் முழுதும் அழிந்துவிடும் என்றும் யாருக்கும் வாக்களிக்காதீர்கள். 19அ பிரிவின் எடுத்துக்காட்டு இது: 100 ரூபாய் கொடுத்தவர், 200 ரூபாய்க்கு மாதம் 6 சதவீத வட்டியில் விவசாயியிடம் பத்திரம் எழுதி வாங்குகிறார். நீதிமன்றம் பத்திரத்தை நீக்கலாம். வாங்கிய 100 ரூபாயை நியாயமான வட்டியோடு திருப்பித் தரச் சொல்லலாம். உழைப்பாளி கோருவதும் அதற்கு மேல் அல்ல: வாங்கியதைத் தருவார், பறிப்பதைத் தரமாட்டார்.