ஆமைக்காக எப்படி மன்றாடுவது?

இன்னைக்குக் கொஞ்சம் வித்தியாசமான விஷயம். செப்டம்பர் 1 முதல் அக்டோபர் 4 வரைக்கும் பல திருச்சபைகள் படைப்பின் காலம்னு கடைப்பிடிக்கிறாங்க. மாமல்லபுரம் கரையில ஒரு சின்ன ஆலயத்தில, அந்த நாட்கள்ல நடக்கப்போற ஆராதனைக்கு மன்றாட்டு எழுதித் தரச் சொன்னாங்க. ஒருத்தர் வேண்டுதலை வாசிப்பார், சபை முழுசும் ஒரே வரியில பதில் சொல்லும். அந்த வகை.

வடிவம் புதுசு இல்லை. சங்கீதம் 136-ல் 26 வசனங்கள், ஒவ்வொண்ணும் ஒரே பதில் வரியோட முடியும். கத்தோலிக்க முறையில விசுவாசிகள் மன்றாட்டுக்கு ஒரு வரிசையே இருக்கு: முதலில் திருச்சபை, அப்புறம் ஆட்சியாளர்களும் உலகமும், அப்புறம் துன்பப்படுகிறவர்கள், கடைசியா இந்த ஊர்ச் சபை. படைப்புன்னு தலைப்பு வந்ததும் நாம காடு, மலை, பறவைன்னு அடுக்கிட்டு, அந்தக் கடைசி ஆளை விட்டுடுறோம். அதாவது பெஞ்சில உட்கார்ந்திருக்கிறவரை.

அந்தக் கரையில எழுத வேண்டிய விஷயம் தேட வேண்டியதில்லை. 2025 ஜனவரியில சென்னை, செங்கல்பட்டு மாவட்டக் கரைகள்ல நூற்றுக்கணக்கில் பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. ஆமை நீரில் வாழ்ந்தாலும் நுரையீரலால்தான் சுவாசிக்கும். இழுவை மடியில சிக்கினா மேலே வந்து மூச்சு எடுக்க முடியாது, மூழ்கிச் செத்துப்போகும். விசைப்படகுகள் கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள்ள இழுவை மடி போடக்கூடாதுன்னு சட்டம் இருக்கு. ஆனா முட்டையிட வர்ற ஆமைகள் கூடுற இடமும் கரைக்குப் பக்கத்துலதான்.

குழுவில முதலில் ஒரு வரைவு வந்துச்சு. "இனப்பெருக்கக் காலத்தில் வலைகளில் சிக்கி ஆமைகள் உயிரிழப்பதைத் தடுத்து, கடல்வாழ் பல்லுயிர்களைப் பாதுகாக்க வேண்டிய கடமையை மீனவர்கள் உணர்ந்து செயல்பட வேண்டுமென்று…"

இதை வாய்விட்டுப் படிச்சுப் பாருங்க. முதல் பிரச்சினை நம்ம மொழியோட அமைப்பு. தமிழ்ல வினை கடைசியிலதான் வரும். 'தடுத்து', 'உணர்ந்து'ன்னு எச்சமா நீண்டுகிட்டே போனா, என்ன கேட்கிறோம்னு சபைக்குக் கடைசி வரைக்கும் தெரியாது. எப்போ பதில் சொல்லணும்னும் தெரியாது. பாதிப் பேர் முந்துவாங்க, பாதிப் பேர் முணுமுணுப்பாங்க.

இரண்டாவதுதான் பெருசு. இது கடவுள்கிட்ட பேசலை, மீனவரை நோக்கி விரல் நீட்டுது. அதுவும் தப்பான ஆளை. அந்த ஆலயத்துக்கு வர்றவங்க பெரும்பாலும் சின்ன ஃபைபர் படகுல போறவங்க. இழுவை மடி போடுறது விசைப்படகு. அப்படிப் படகுல கூலிக்குப் போற ஒரு பையனும் அங்க இருக்கலாம். தன்னைக் குற்றம் சொல்ற வேண்டுதலுக்கு அவனே எப்படிப் பதில் சொல்வான்?

அதனால மூணா உடைச்சோம். முதல் வரியில யாருக்காகன்னு சொல்லிடணும். அடுத்து ஒரே ஒரு வேண்டுதல். அப்புறம் மாறாத அழைப்பு.

"தை, மாசியில் எங்கள் கரைக்கு வரப்போகும் ஆமைகளுக்காக. மூச்செடுக்க எழும் வழி அவைகளுக்குத் திறந்திருக்கட்டும். மண்ணையும் கடலையும் படைத்தவரே,"

எல்லாரும்: "எங்கள் குரலைக் கேளும்."

"விசைப்படகில் கூலிக்குச் செல்பவர்களுக்காக. விலகி மடி போட்டாலும் அவர்கள் வீட்டு அடுப்பு எரியட்டும். மண்ணையும் கடலையும் படைத்தவரே,"

"கரைக்காவலை நடத்தும் அதிகாரிகளுக்காக. 5 மைல் எல்லையைப் பயமின்றி, பாரபட்சமின்றிக் காக்கும் உறுதி அவர்களுக்குக் கிடைக்கட்டும். மண்ணையும் கடலையும் படைத்தவரே,"

செமிகோலன் மாதிரிதான் அந்த அழைப்பு. அது வந்தா வாக்கியம் முடிஞ்சதுன்னு அர்த்தம். பதில் மூணே சொல், அதனால தாள் இல்லாத பாட்டியும் இரண்டாவது தடவையே சேர்ந்துப்பாங்க.

ஆமை வர இன்னும் மாசங்கள் இருக்கேன்னு ஒருத்தர் கேட்டாங்க. எனக்கு அதுதான் சரியான நேரம்னு தோணுது. செத்து ஒதுங்கின பிறகு எழுதினா அது இரங்கல்தான்.

இதையே செங்கல்பட்டு டவுன் ஆலயத்துக்கு அப்படியே அனுப்பாதீங்க. அங்க கொளவாய் ஏரி இருக்கு, மழைக்கு முன்னாடி ஏரியைப் பார்க்கிற மக்கள் இருக்காங்க. ஆமை வேண்டுதலை எடுத்துட்டு ஏரியை வைங்க. அழைப்பும் பதிலும் அப்படியே இருக்கட்டும்.

சென்னைக்கார நமக்காகவும் ஒண்ணு சேர்த்தோம். நெம்மேலியில கடல்நீரைக் குடிநீராக்குற ஆலைகள் இருக்கு, அந்தத் தண்ணீர் நம்ம குழாய்க்கு வருது. "இந்தக் கடலைக் குடிக்கும் எங்களுக்காக. எடுப்பதற்குக் கணக்கு வைக்க எங்களுக்குக் கற்றுத் தாரும்." அதுக்கப்புறம் உடனே அழைப்பு வேண்டாம், அஞ்சு எண்ணுற அளவுக்கு மௌனம்னு குறிப்பு போட்டிருக்கோம். வாசிக்கிறவர் அவசரப்பட்டு அந்த அஞ்சை ரெண்டா ஆக்கிடுவார். அதனால தாள்லயே "மனதுக்குள் எண்ணவும்"னு கொட்டை எழுத்துல இருக்கு.